ஜிப்புக்குள் போன போட்டோ எங்கே?

“போட்டோ எல்லாத்தையும் ஜிப்ல போட்டு வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேன் அக்கா, பார்த்துக்குங்க” என்று ஸ்டூடியோப் பையன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறான். அவனுக்கென்ன, அவன் வேலை முடிந்தது. நமக்கல்லவா அதற்குப் பிறகு வேலை!

ஜிப் என்பது ஒரு மூட்டை, அவ்வளவுதான். நூறு படத்தை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். இதில் நமக்கும் ஒரு லாபம் உண்டு. படத்தைச் சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். போனில் பார்க்கும்போது பளிச்சென்றுதான் இருக்கும். பெரிதாகப் பிரிண்ட் போட்டால் முகம் மங்கிப் போகும். ஜிப்பாக வந்தால் காமிராவில் எடுத்தது எடுத்தபடியே வரும்.

2025 ஆடியில் என் மாமியார் தவறிப் போனார். பதின்மூன்றாம் நாளுக்கு மாலை போட்டு வைக்க நல்ல படம் வேண்டும். அதே வருடம் பிப்ரவரியில் என் கொழுந்தன் கல்யாணத்தில், அரக்குப் பட்டுப் புடவையில், வாய்விட்டுச் சிரித்தபடி ஒரு படம் எடுத்திருந்தார்கள். அதைவிட நல்ல படம் அவருக்குக் கிடையாது. ஃபிரேம் கடைக்காரர், “பதினெட்டு அங்குலத்துக்கு ஒரிஜினல் ஃபைல் இருந்தாத்தாம்மா சரியா வரும், நாளைக் காலைல கொடுத்திடுங்க” என்று சொல்லிவிட்டார். ஸ்டூடியோவில் கேட்டதற்கு 112 படங்களையும் ஒரே ஜிப்பாக என் நாத்தனார் போனுக்கு அனுப்பிவிட்டார்கள். 640 எம்.பி.

அவள் கூகுளின் Files என்ற ஆப்பைத் திறந்து, மேலாக இருந்த அந்த ஜிப்பைத் தொட்டாள். உள்ளே இருக்கும் படங்களின் பட்டியல் வந்தது. Extract என்பதை அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஓடியது. Done என்று வந்ததும் அதையும் தொட்டாள். பிறகு காலரியைத் திறந்தால், ஊஹூம்! அன்று காலையில் எடுத்த நெல்லிக்காய் படம்தான் மேலே இருக்கிறது, கல்யாணத்தைக் காணவில்லை. “அண்ணி, எல்லாம் அழிஞ்சு போச்சு போலிருக்கே! அம்மா படம் போச்சே” என்று அழாத குறையாக என்னிடம் ஓடி வந்தாள்.

அழியவில்லை. நான் முதலில் பார்த்தது, அந்த ஜிப் எங்கே இருக்கிறது என்றுதான். ஏனென்றால் Files ஆப்பில் மூட்டையை அவிழ்த்தால், மூட்டை எந்த அறையில் இருக்கிறதோ அதே அறையில்தான் சாமான் கொட்டும். காலரிக்கோ, முகப்புக்கோ தானாக வராது. ஜிப்பின் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கும்; அதைத் தொட்டு File info என்பதைப் பார்த்தால் இருக்குமிடம் முழுவதும் எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த ஜிப்புக்கு அநேகமாக இப்படி இருக்கும்:

```
Internal storage/Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents
```

தெரு, சந்து, முடுக்கு என்று எத்தனை திருப்பம் பாருங்கள்! ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. Files ஆப்பில் Internal storage என்பதைத் தொட்டு, மேலே எழுதிய வரிசையிலேயே ஒவ்வொரு ஃபோல்டராகத் தொட்டுக்கொண்டு போனால் கடைசி அறைக்கு வந்துவிடலாம். நாங்கள் போனோம். அங்கே DOC-20250807-WA0003 என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உட்கார்ந்திருந்தது. ஸ்டூடியோவில் வைத்த பெயர் வேறு. வாட்ஸ்அப் பல சமயம் வந்த ஃபைலுக்குத் தேதியை வைத்துத் தானே இப்படி ஒரு பெயர் சூட்டிவிடும். கொழுந்தன் பெயரைப் போட்டு அவள் தேடியதில் ஒன்றும் அகப்படாத காரணம் அதுதான்.

ஃபோல்டரைத் திறந்தால் 112 படமும் இருந்தன. இன்னொரு வேடிக்கை, காலரியிலும் அவை இருந்தன! காலரி, படம் போனுக்கு வந்த நாளைப் பார்த்து அடுக்குவதில்லை. காமிராவில் எடுத்த நாளைப் பார்த்து அடுக்குகிறது. எனவே எல்லாம் பிப்ரவரியில் போய் உட்கார்ந்திருந்தன. அவள் ஆகஸ்டில் தேடினாள்.

இப்போது நான் என் போனில் செய்வது வேறு வழி. அவிழ்த்த பிறகு தேடுவதைவிட, அவிழ்க்கும் முன்பே மூட்டையை நமக்குத் தெரிந்த இடத்துக்கு நகர்த்திவிடுவது மேல். ஜிப்பை விரலால் சற்று அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளியில் Move to என்பதைத் தொட்டு, Internal storage-ல் Download என்ற ஃபோல்டரைக் காட்டி நகர்த்துகிறேன். அங்கேயே Rename என்று தொட்டு kalyanam.zip என்ற மாதிரிப் பெயரும் வைத்துவிடுகிறேன். பிறகு அங்கே போய் Extract. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வாட்ஸ்அப் சாட்டிலிருந்தே ஜிப்பைத் தொட்டுத் திறக்கலாம்தான். ஆனால் அப்போது எங்கே கொட்டும் என்பது போனுக்குப் போன் மாறுகிறது. அந்த வழிக்கு நான் போவதில்லை. நகர்த்திய பிறகு சாட்டில் அதே ஜிப்பைத் தொட்டால் ஃபைல் இல்லை என்று சொல்லும். அதற்காகப் பதற வேண்டாம்.

நகர்த்துவதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. மேலே சொன்ன com.whatsapp ஃபோல்டர் வாட்ஸ்அப்புக்குச் சொந்தமானது. என்றைக்காவது போன் தகராறு செய்கிறதென்று வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்தால், அந்த ஃபோல்டரும் அதோடு போய்விடும். அதற்குள்ளேயே அவிழ்த்து வைத்த படங்களும் போகும். நாத்தனார் போனில் முதல் வேலையாக அந்தப் படங்களை Pictures ஃபோல்டருக்கு மாற்றிவிட்டேன்.

இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போட்டோக்கள் ஜிப்பில் அதிகம் சுருங்குவதில்லை. 640 எம்.பி. ஜிப்பை அவிழ்த்தால் படங்கள் இன்னொரு 640 பிடிக்கும். ஜிப்பும் இருக்கும், படமும் இருக்கும். போனில் அவ்வளவு காலி இடம் இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். எனவே ஃபோல்டரில் படங்களை எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு மூன்றைத் திறந்தும் பாருங்கள். சரியாக இருந்தால் ஜிப்பை நீக்கிவிடலாம். படங்களுக்கு ஒன்றும் ஆகாது. நான் எண்ணாமல் நீக்குவதே இல்லை.

Extract கொடுப்பதற்கு முன் வரும் பட்டியலை ஒரு பார்வை பாருங்கள். படமென்றால் பெயர் .jpg என்று முடியும். .apk என்று ஏதாவது முடிந்தால் அது படமில்லை, ஆப், தொடவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி இந்த மாதிரி அனுப்பிப் பணத்தைச் சுருட்டுகிறார்கள். .rar என்று முடிகிற மூட்டையோ Files ஆப்பில் அவிழாது. அனுப்பியவரையே ஜிப்பாக அனுப்பச் சொல்லிவிடுவது சுலபம்.

கடைசியாக, ஃபிரேம் கடைக்கு அனுப்பும்போது நாத்தனார் வழக்கம்போல் காலரியிலிருந்து படத்தை எடுத்து அனுப்பப் போனாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் மறுபடியும் சுருக்கிவிடும். இவ்வளவு பாடும் வீண். பேப்பர் கிளிப் அடையாளத்தைத் தொட்டு, Document என்பதற்குள் போய், படத்தை ஃபைலாக அனுப்பச் சொன்னேன். அனுப்பிய பிறகு அதன் கீழே 6 எம்.பி. என்று எழுதியிருந்தது. கடைக்காரரும் ஐந்து நிமிடத்தில், “வந்திடுச்சும்மா, இது போதும்” என்று பதில் போட்டார்.