நாலாவது லெங்த்தில் நின்றுவிடும் ஓட்டக்காரர்

இரண்டு மணி நேரத்துக்குள் அரை மாரத்தான் ஓடி முடிப்பவர். சைக்கிளில் 90 கிலோமீட்டர் போய்விட்டு மதியம் ஆபீஸ் வேலை பார்ப்பவர். கோவாவில் நடக்கும் 70.3 டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அதில் கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்த வேண்டும். 25 மீட்டர் பூலில் நாலு லெங்த் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். "ஸ்டாமினா பத்தலையா மாஸ்டர்?" என்று கேட்கிறார். இதயமும் நுரையீரலும் நன்றாகவே இருக்கின்றன. குறை வேறு எங்கோ.

*

சுவருக்கு வந்ததும் முதல் நொடியில் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். "ஹா" என்று பெரிதாகக் காற்றை வெளியே தள்ளினார், அதன் பிறகுதான் இழுத்தார். வேறு சோதனை தேவையில்லை. ஒழுங்காக மூச்சு விட்டபடி நீந்தி வருபவருக்குச் சுவரில் வெளியே தள்ள ஒன்றும் மிச்சமிருக்காது, இழுக்கத்தான் தோன்றும். இவர் நீருக்குள் முகம் இருக்கும் நேரமெல்லாம் மூச்சை அடக்கி வைத்திருக்கிறார். பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் தெரியும்: மூக்கு, வாய்ப் பக்கம் குமிழியே இல்லை, தலை திரும்பும்போது மட்டும் ஒரே கொத்தாகக் கிளம்புகிறது.

*

அவரிடம் விளக்கியது: மூச்சு முட்டுகிற உணர்வு ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதில்லை. பெரும்பாலும் கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் ஏறுவதால்தான் வருகிறது. அடக்கினால் அது ஏறுகிறது, மூளை பதறுகிறது, கை வேகமெடுக்கிறது, இன்னும் அதிகமாக ஏறுகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. வாய் நீருக்கு மேலே இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் பழைய காற்றை விட்டுப் புதுக்காற்றையும் இழுக்க நேரம் போதாது. விடும் வேலையை நீருக்குள்ளேயே முடித்துவிட்டால் மேலே இழுக்கும் வேலை மட்டும்தான்.

ஆனால் "ஊது, ஊது" என்று கத்துவதிலும் எனக்கு உடன்பாடில்லை. முகம் உள்ளே போனதுமே மொத்தக் காற்றையும் ஊதித் தள்ளினால் நெஞ்சு மிதக்காது, அடுத்த மூச்சு வரும்வரை வெறும் நுரையீரலோடு தவிக்க வேண்டியிருக்கும். மூக்கு வழியாக மெல்ல, விடாமல் கசியவிட வேண்டும். தலை திரும்பும் தருணத்தில் கடைசிப் பங்கை வாயால் கொஞ்சம் அழுத்தி வெளியே தள்ள வேண்டும். நீந்தாமலே பழகலாம்: ஆழம் குறைந்த பக்கம் நின்று, முகத்தை உள்ளே வைத்து மெதுவாக விட்டு, மேலே வந்து இழுத்து, உடனே மறுபடி உள்ளே. இருபது முறை அவசரமில்லாமல் வந்தால் நீந்தப் போகலாம்.

(நீண்ட நேரம் மூச்சடக்கும் போட்டி, வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு நீருக்கடியில் போவது, இரண்டுக்கும் என் பூலில் இடமில்லை. முட்டுகிற எச்சரிக்கையே வராமல் நினைவு தப்பிவிடும்.)

*

எங்கோ படித்துவிட்டு வந்து மூன்று கைக்கு ஒரு மூச்சு எடுக்கிறார். இரு பக்கமும் சமமாக வருமாம். கணக்குப் போட்டுக் காட்டினேன். நிமிடத்துக்கு அவருக்குச் சுமார் 54 கை வீச்சு. மூன்றுக்கு ஒன்று என்றால் 18 மூச்சு. இரண்டுக்கு ஒன்று என்றால் 27. ஓடும்போது கொஞ்சம் முடுக்கினாலே இவர் நிமிடத்துக்கு 40 மூச்சு இழுக்கிறவர். அப்படிப்பட்ட உடம்புக்கு 18 கொடுத்துவிட்டு ஏன் இரைக்கிறது என்று கேட்டால்? இனி இரண்டுக்கு ஒன்று. ஒரு லெங்த் வலப்பக்கம், திரும்பி வரும்போது இடப்பக்கம். சமன் அதிலேயே கிடைத்துவிடும்.

*

அவர் நேரம், லெங்த் வாரியாக: 24, 28, 34, 38 விநாடி. இந்த நாலு எண்ணில் பாதிக் கதை இருக்கிறது.

நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். அதை வெல்ல விநாடிக்கு விநாடி செலவாகும் சக்தியோ மும்மடியாக. லெங்த்துக்கு 30 விநாடி என்ற நிதானத்தைவிட 24 என்பது 1.25 மடங்கு வேகம். 1.25ஐ மூன்று முறை பெருக்கினால் 1.95. ஆக, முதல் லெங்த்திலேயே ஒவ்வொரு விநாடியும் தேவையானதைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு செலவழித்துவிட்டு, அந்தக் கடனை மூன்றாவதில் அடைக்கிறார். ஓட்டத்தில் இவர் இப்படிச் செய்யமாட்டார். அங்கே மெதுவாக ஓடத் தெரியும். நீரில் மெதுவாகப் போனால் மூழ்கிவிடுவோம் என்று பயம். 30 விநாடியை எல்லா லெங்த்துக்கும் காப்பாற்றினால் 100 மீட்டர் 2 நிமிடம், 1.9 கிலோமீட்டர் 38 நிமிடம். அவருக்கு அது தாராளம்.

*

கால். தொடைகளுக்கு நடுவே புல் பாய் கொடுத்து அனுப்பினேன். ஆறு லெங்த் போனார், முகம் தெளிவாக இருந்தது. மூச்சும் வேகமும் மட்டுமே காரணமென்றால் புல் பாய் இவ்வளவு உதவியிருக்காது. கால் தொங்குகிறது, அதைத் தூக்கி நிறுத்த வேகமாக உதைக்கிறார். தொடைத் தசைகள் பெரியவை, ஆக்சிஜனை அவைதான் தின்கின்றன. போதாததற்கு ஓட்டக்காரரின் விறைத்த கணுக்கால். பாதம் பின்னால் நீளாமல் கொக்கிபோல் கீழே நின்று பிரேக் போடுகிறது.

கால் ஏன் தொங்குகிறது? மூச்சுக்குத் தலையைத் தூக்குகிறார். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும். தூக்க வேண்டியதில்லை, தோளும் இடுப்பும் உருளும்போது தலை கூடவே திரும்பினால் போதும். ஒரு கண்ணாடி நீருக்குள், ஒரு கண்ணாடி வெளியே. நகரும் தலைக்குப் பக்கத்தில் நீர்மட்டம் சற்றே பள்ளமாக இருக்கும், வாய் அந்தப் பள்ளத்தில் காற்றைக் கண்டுகொள்ளும். அந்த நேரத்தில் முன்னால் நீண்ட கை எங்கே என்றும் பார்க்க வேண்டும். இவர் அதைக் கீழே அழுத்தி ஊன்றி எழுகிறார். ஊன்றுகோல் போனதும் தலை சரிகிறது, தண்ணீர் வாய்க்குள். கை நீண்டபடியே காத்திருக்க வேண்டும், முகம் உள்ளே திரும்பிய பிறகே அது இழுக்கத் தொடங்கலாம்.

உதையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். ஒரு கைக்கு ஒரு உதை. கோவாக் கடல் வெதுவெதுப்பானது, மிதக்கவைக்கும் வெட்சூட்டை அங்கே நம்பிப் போக முடியாது. கால் தானாக மேலே கிடக்கத்தான் வேண்டும்.

*

இப்போதைக்குப் பயிற்சி: 16 முறை 25 மீட்டர், நடுவே 20 விநாடி ஓய்வு. எல்லாமே 30 விநாடியில். 27இல் வந்தால் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன், திரும்பவும் போக வேண்டும். அது சரியாக வந்தால் 10 முறை 50. பிறகு ஓய்வை 15, 10 என்று குறைப்போம், வேகத்தைத் தொடமாட்டோம். கடைசி 50 முதலாவதைவிட இரண்டு விநாடிக்கு மேல் பிந்தினாலோ, லெங்த்துக்கு 24 ஆக இருந்த கை வீச்சு 27 ஆனாலோ அன்றைக்கு நிறுத்திவிடலாம். அதற்கு மேல் நீந்தினால் கெட்ட பழக்கம்தான் படியும்.

*

இதெல்லாம் சரியான பிறகும் நீரில் மட்டும் இருமல், நெஞ்சில் கரகரப்பு, நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால் உடனே கரையேறி டாக்டரிடம் போக வேண்டும். நீந்தும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது உண்டு, உடற்கட்டு நன்றாக உள்ளவர்களுக்கும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை, கேட்டுவிட்டேன்.

*

நேற்று எட்டு லெங்த், நிற்காமல். நேரம் 29, 30, 30, 31, 30, 31, 31, 32. இடப்பக்கம் மூச்சு எடுக்கும்போது இன்னும் தலை எழும்புகிறது. அலை வலப்பக்கத்திலிருந்து வரும் நாளில் இடப்பக்கம்தான் கைகொடுக்கும், ஆகையால் அடுத்த வாரம் முழுக்க இடப்பக்கம்.