சந்தனக்கல் இருந்த மூலை

1999 டிசம்பர் வரை நாங்கள் ஜார்ஜ்டவுனில், குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தோம். கோயில் 1833இல் கட்டியது. எங்கள் வீடும் பழையதுதான். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் தயவில் தாத்தா காலத்து வாடகையிலேயே மூன்று தலைமுறை அதில் வாழ்ந்துவிட்டது. 2000 ஜனவரி முதல் தேதியோடு அந்தக் கட்டுப்பாடு போயிற்று. எங்களைப்போல் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தெருக்களை விட்டு வெளியேறின. நாங்கள் கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் ஒரு பிளாட்டுக்கு வந்தோம். லாரியில் இடம் போதவில்லை என்று பின்கட்டில் விட்டுவிட்டு வந்த சாமான்களில் ஒன்று பாட்டியின் சந்தனக்கல். அலமாரியும் கட்டிலும் போனது எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கல் மட்டும் மறக்கவில்லை.

வானம் தெரியும் முற்றத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மூலையில் அது இருக்கும். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் பாட்டி குளித்துவிட்டு அதன் முன் உட்கார்ந்துவிடுவார். சந்தனம் இழைப்பது பார்க்கத்தான் சுலபம். கல்லை நனைத்து, கட்டையைச் சற்றே சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். தண்ணீரை விரல் நுனியில் தொட்டுத் தொட்டுத்தான் விடுவார். கொஞ்சம் கூடினாலும் குழம்பு ஓடிவிடும், நெற்றியில் நிற்காது. குறைந்தால் கட்டை கல்லைப் பிராண்டும், விழுது நறநறவென்று இருக்கும். விரலில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் தொங்க வேண்டும், அதுதான் அவர் பதம். ஐந்து பேர் நெற்றிக்கு வேண்டியதை இழைக்கக் கால் மணி நேரம் ஆகும்.

அந்த விழுது மஞ்சளாக இருக்காது. பாலில் ஒரு சொட்டுத் தேநீர் கலந்த மாதிரி மங்கலான நிறம். இன்று கடையில் வாங்கும் சந்தனத் தூளைக் குழைத்தால் பளிச்சென்ற மஞ்சள் வருகிறதே, அது பெரும்பாலும் சாயம். வாசனையிலும் தெரிந்துவிடும். தூளின் வாசம் முதலில் மூக்கைத் துளைத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். கட்டையில் இழைத்தது மெல்லத்தான் மணக்கும், ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் நெற்றியில் காய்ந்த செதிலில் அது இருக்கும். மரத்தின் நடுவில் இருக்கும் வைரத்துக்குத்தான் அந்த மணம். வெளிச்சுற்று வெள்ளைக் கட்டைக்கு ஒன்றுமில்லை. எங்கள் தெருவிலிருந்து சற்று நடந்தால் கருணைத் தேவதை குவான் யின் கோயில். அங்கே ஊதுவத்திப் புகையில் வருவதும் சந்தன வாசம்தான். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அஞ்சடியில் என்னை நிறுத்தி, குனிந்து என் நெற்றியை முகர்ந்துவிட்டுச் சிரிப்பார். அவருக்கு அது புகை, எங்களுக்கு அது குளிர்ச்சி.

ஆனால் சந்தனம் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் திருநீறு. "அண்ணாந்து நில்லு தாயி, கீழ சிந்தக்கூடாது" என்று சொல்லி, நீரில் குழைத்த நீற்றை மூன்று விரலால் இழுத்துவிடுவார். இழுத்ததும் நெற்றியில் ஒன்றும் தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று காத்திருப்பேன். ஈரம் காயக் காய மூன்று கோடுகளும் ஓரத்திலிருந்து வெள்ளையாக எழுந்து வரும். எரிந்துபோக வேண்டிய மூன்று அழுக்குகள், ஆணவம், கன்மம், மாயை, அவைதாம் அந்த மூன்று கோடு என்பது சைவர்கள் சொல்லும் பொருள். பாட்டி அதை அப்படிச் சொன்னதில்லை. "எரிச்சா மிச்சம் இதுதான், இதுக்கு மேல எரியாது" என்பார். எனக்கு அந்த விளக்கமே இன்றும் பெரிதாகப் படுகிறது. காய்ச்சல் வந்தாலும் அவர் கை முதலில் நீற்று மடலுக்குத்தான் போகும். சம்பந்தர் பாண்டியனின் வெப்புநோயைத் திருநீறு பூசித் தீர்த்த கதை அவருக்கு நேற்று நடந்தது மாதிரி. தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் காவடி இறக்கி அலகு பிடுங்கிய இடத்திலும் அதே நீற்றைத்தான் அழுத்துவார்கள்.

கல்யாணத்துக்கு முன் தோட்டத்தில் இருந்தபோது அவரே நீறு சுட்டவர். சாணத்தை உருண்டை பிடித்து நன்றாகக் காயவைத்து, உமி பரப்பி அடுக்கி, மேலும் உமியால் மூடிவிட்டு நெருப்பு வைப்பார்களாம். தீ எரியக்கூடாது, உள்ளுக்குள் கனிய வேண்டும். ஆறிய பிறகு உடைத்துப் பார்த்து, நடுவில் கருப்பு இருந்தால் வேகவில்லை என்று மறுபடி சுடப் போடுவார்கள். வெளுத்ததை மட்டும் நுணுக்கித் துணியில் சலிப்பார்கள். அப்படிச் செய்தது தும்பைப்பூ வெள்ளையாக இராது, லேசான சாம்பல் நிறம் இருக்கும்; கையில் எடுத்தால் கனமே தெரியாது. பளீரென்று வெளுத்து, கனமாகவும் மாவு போலவும் இருக்கும் கடைப் பொட்டலத்தைப் பாட்டி தொட்டதும் கண்டுபிடித்துவிடுவார். "இது மண்ணு."

நீறு காய்ந்த பிறகு புருவ நடுவில் சந்தனம். அது ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் குங்குமம். சந்தனத்தின் ஈரம்தான் குங்குமத்தைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்துவிட்டால் தூள் மூக்கில் உதிரும். சிவனுடைய வெள்ளைமேல் சக்தியின் சிவப்பு, இரண்டுக்கும் நடுவில் குளிர்ச்சி என்று இந்த வரிசைக்குப் பொருள் சொல்வார்கள். அந்தச் சிவப்பும் மஞ்சளிலிருந்து பிறப்பதுதான். ஆலாத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதற்குள் எலுமிச்சை பிழிந்தால் பழையபடி மஞ்சளாகிவிடும். இப்போது மலிவாக விற்கும் குங்குமத்தில் பாதிக்கு மஞ்சளோடு சம்பந்தமே இல்லை. வெறும் சாயப்பொடி. என் தங்கைக்கு நெற்றி அரித்துக் கறுத்தது அதனால்தான் என்று நம்புகிறேன்.

எங்கள் எல்லோருக்கும் இட்டுவிட்டுப் பாட்டி தன் நெற்றியில் நீறு மட்டும் பூசிக்கொள்வார். தாத்தா போன பிறகு அவருக்குக் குங்குமம் இல்லை. விரலில் மிஞ்சிய சிவப்பைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிடுவார். அந்தத் தலைப்பில் ஒரு மூலை எப்போதும் ரோஜா நிறத்தில் இருக்கும். அம்மன் பிரசாதத்தில் புருஷன் இருக்கிறானா இல்லையா என்ற கணக்கு எப்படி நுழைந்தது என்று அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இன்று கேட்பேன். சண்டை பிடித்தாவது அவர் புருவத்தில் ஒரு பொட்டு வைத்திருப்பேன்.

இப்போதும் பெரி ஏறி வெள்ளிக்கிழமைகளில் குயின் தெருவுக்குப் போகிறேன். பழைய வீட்டில் கதவு மாறி, பெயிண்டு மாறி, யார் யாரோ உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். முற்றத்து மூலையை எட்டிப் பார்க்க ஒருமுறை உள்ளே போனேன். தொட்டி இல்லை, செடித் தொட்டிகள் இருந்தன. கல்லைப் பற்றி யாரிடம் கேட்பது?

கட்டை என்னிடம்தான் இருக்கிறது. பாட்டி தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. பினாங்குத் தெருக் கடையில் அதற்கென்று ஒரு புதுக் கல் வாங்கினேன். அது இன்னும் பிடி கொடுக்கவில்லை, கட்டை வழுக்குகிறது, தண்ணீரும் எனக்கு அளவாக விழுவதில்லை. போன வாரம் இழைத்தது மூக்குவரை ஓடிவிட்டது. துடைத்துவிட்டு, அடுத்த துளியைக் குறைத்து விட்டேன்.