படத்துக்குக் கீழே எத்தனை வரி?

பத்திரிகையில் படவிளக்கம் எழுத எனக்குக் கற்பிக்கப்பட்ட விதி ஒன்றுதான். படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்லாதே, தெரியாததைச் சொல். யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தபடியே கறித்தூளும் பனையோலைப் பெட்டியும் விற்கும் என் மருமகள், இன்ஸ்டகிராம் படங்களுக்கு வாசகம் கேட்டபோது, அந்த விதியை நம்பியே ஒப்புக்கொண்டேன்.

கறித்தூளுக்கு 200 சொற்கள் எழுதினேன். செத்தல் மிளகாய் காய்ந்த முற்றம், அம்மா, உரல், எல்லாமே அதில் இருந்தன. விருப்பக்குறிகள் குவிந்தன. வாங்கியவர்களோ மிகச் சிலர்.

“மாமா, எல்லாரும் வாசிச்சு அழுகினம். ஒருத்தரும் வாங்கேல்லை” என்றாள்.

ஆகவே பரீட்சித்துப் பார்த்தோம். ஒரே படம், ஒரே கிழமை, ஒரே நேரம். ஒரு வாரம் மூன்று வரி, மறுவாரம் நெடுங்கதை. எட்டு வாரங்கள். விருப்பக்குறிகளை எண்ணவில்லை, மூன்று நாட்களுக்குள் வந்த ஓடர்களை மட்டும் குறித்தோம். தைப்பொங்கல் வாரத்தில் எதைப் போட்டாலும் விற்றது. அதனால் அதையும் அதற்குச் சோடியான வாரத்தையும் கணக்கிலிருந்து நீக்கினோம்.

கறித்தூளில் குறுவரிக்கு 14 ஓடர்கள், கதைக்கு 5. “வறுத்து அரைத்தது. உறைப்புக் கூட. 500 கிராம், வெள்ளி அனுப்புவோம்.” வாங்குவோர் அதன் சுவையை அறிந்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதவை இவ்வளவுதான். என் விதி பிழைக்கவில்லை, நான்தான் அதை மறந்திருந்தேன்.

பெட்டியில் நிலைமை மாறியது. பிளாஸ்ரிக் பெட்டி மலிவாகக் கிடைக்கையில் இதற்கு ஏன் இந்த விலை என்பதே எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, வார்ந்து, சாயம் காய்ச்சி, ஒருவர் இரண்டு நாள் இருந்து பின்னுவதைப் படம் காட்டாது. அதைச் சொன்னபின் பேரம் பேசுவோர் குறைந்தனர். ஆனால் ஓடர்கள் 6க்கு 3 மட்டுமே. இத்தனை சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் இன்னும் நான்கு வாரம் நீடித்தோம், கதையே முன்னின்றது.

ஆயினும் அதன் முதல் வரியை மாற்ற வேண்டியிருந்தது. இன்ஸ்டகிராமில் ஏறத்தாழ 125 எழுத்துகளே முதலில் தெரியும். மிச்சத்தை அழுத்தித் திறக்க வேண்டும். நான் ஊர்ப் பனைகளை வர்ணித்துத் தொடங்கியிருந்தேன். “இந்தப் பெட்டியைப் பின்ன இரண்டு நாள்” என்பதை மேலே கொண்டுவந்தோம்.

ஒடியல் மாதான் எங்களைச் சோதித்தது. கூழ் குடித்து வளர்ந்தவருக்கு நிறையும் விலையும் போதும். புலம்பெயர் நாட்டில் பிறந்த பிள்ளைக்கோ கசப்புப் போக ஊறவைத்து நீரை வடிக்க வேண்டும் என்பதே தெரியாது. முதல் வரியில் நிறையும் விலையும், கீழே செய்முறையுமாக இரண்டையும் சேர்த்தோம். கதை இல்லை.

முற்றத்துக் கதையை அவள் அழித்துவிடவில்லை. சித்திரை வருடப்பிறப்பன்று, விலை குறிப்பிடாமல் போட்டுக்கொள்ள எனக்கு அனுமதி தந்திருக்கிறாள்.