பாக்கி: பூஜ்யம்

எங்கள் நூற்பாலையின் பராமரிப்பு அலுவலகத்தில் ஓர் எக்செல் தாள் உண்டு. வரிக்கு ஒரு வேலை: எந்த மெஷின், என்ன வேலை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியாகச் செய்தது என்றைக்கு. ஐந்தாவது கட்டத்தில் அடுத்த தேதியைத் தாளே போட்டுக்கொள்ளும். கெடு தாண்டியவற்றை எண்ணி, மெஷின்வாரியாகப் பாக்கியும் சொல்லும்.

```
=D2+C2
=COUNTIFS(A:A,"CARD-07",E:E,"<"&TODAY())
```

மேனேஜர் காலையில் முதலில் பார்ப்பது பாக்கியைத்தான். பூஜ்யம் என்றால் அன்று விசாரணை இல்லை. எனக்கு அந்தப் பூஜ்யத்தின் மேல்தான் சந்தேகம்.

ஏழாம் கார்டிங் மெஷினில் ஒரு பேரிங்குக்கு 30 நாளுக்கு ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும் என்று கொள்வோம். 2025 ஜனவரி 1இல் வைத்தாயிற்று. அடுத்த கெடு ஜனவரி 31. பிப்ரவரி 10இல்தான் வேலை நடக்கிறது. தேதியை மாற்றியதும் பாக்கி மறைந்து, கெடு மார்ச் 12க்குப் போய்விடும். அதையும் பத்து நாள் தள்ளி மார்ச் 22இல் முடித்து, அடுத்ததை மே 1இல் முடித்தால், நான்கு முறை வைத்திருக்க வேண்டிய கிரீஸ் மூன்று முறைதான் விழுந்திருக்கும். மே 1 மாலையில் தாள் காட்டுவது பூஜ்யம்.

அப்படியானால் பழைய கெடுவிலிருந்தே எண்ணலாமே என்று தோன்றும். அப்போது பிப்ரவரி 10இல் வைத்த பேரிங்குக்கு மார்ச் 2இல் மறுபடி வைக்க நேரும். கிரீஸ் அளவுக்கு மீறினாலும் பேரிங் சூடாகும். ஆக, சூத்திரத்தில் பிழையில்லை. பழைய தேதியை அழித்துப் புதியதை எழுதுவதில்தான் கோளாறு. அதனால் இன்னொரு தாளில், ஒவ்வொரு முறையும் கெடுவையும் செய்த நாளையும் புது வரியாக எழுதுகிறோம். முதல் தாள் `MAXIFS` மூலம் கடைசித் தேதியை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது.

பத்து, பத்து, பத்து என்று தாமதம் வரிசையாக நின்றால் ஃபிட்டரைத் திட்டிப் பயனில்லை. “மெஷினை நிறுத்தித் தர மாட்டேங்கிறாங்க சார்” என்பார் அவர். பேச வேண்டியது உற்பத்திப் பிரிவிடம்.

இன்னொரு பூஜ்யமும் உண்டு. தேதிக் கட்டம் காலியாக இருந்தால் கெடு 1900ஆம் ஆண்டுக்குப் போய், பாக்கியில் சேர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். யாராவது அந்தக் கட்டத்தின் `MAXIFS` மேலேயே 10.02.2025 என்று புள்ளி வைத்து அடித்தால், எங்கள் கணினி அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. கெடுக் கட்டத்தில் `#VALUE!` விழும். `COUNTIFS` அதைத் தாண்டிப் போய்விடும். செய்யாத வேலை பாக்கியிலிருந்தே காணாமல் போகும்.

இப்போது பாக்கிக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் கூடுதலாக இருக்கின்றன: சராசரித் தாமதம், தேதி சரியாக இல்லாத வரிகள். மூன்றும் பூஜ்யமானால்தான் அன்றைய பூஜ்யத்தை நான் நம்புவேன்.