இரண்டு தாள்கள்

கால்ஷீட் என்னும் சொல் நம்மவர்க்குப் புதியதன்று. இன்ன நடிகர் இன்ன படத்திற்கு இருபது நாள் கால்ஷீட் கொடுத்தார் என்று சினிமாச் செய்திகளில் படித்திருக்கின்றோம். அங்கே அது நடிகர் ஒதுக்கும் நாட்களைக் குறிக்கும். படப்பிடிப்புக் களத்திலோ அது உண்மையாகவே ஒரு தாள். மறுநாள் எந்தக் காட்சி, எந்த இடம், யார் எத்தனை மணிக்கு வரவேண்டும், என்னென்ன சாமான்கள் தேவை என்று எழுதி, முதல்நாள் மாலை எல்லோருக்கும் அனுப்புவது. குழந்தை நடிக்குமாயின், பெற்றோர் கையெழுத்திடும் சம்மதக் கடிதம் என்று மற்றொரு தாளும் உண்டு. இவ்விரண்டையும் தனித்தனியே படித்து நாம் செய்த பிழையைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

நம் தங்கையின் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவி. பள்ளி நாடகத்தில் அவளைக் கண்ட ஒருவர், பேராக்கில் ஒரு பழைய தோட்டத்து லயத்தில் எடுக்கவிருந்த தொலைக்காட்சிப் படத்திற்கு அவளை அழைத்தார். மூன்று நாள் வேலை. தங்கை தொழிற்சாலையில் மாறுநேர வேலை செய்பவள்; கடிதங்கள் வந்தால் நம்மிடமே கொண்டுவருவாள். சம்மதக் கடிதத்தையும் நீட்டி, “படிச்சுப் பாருங்கண்ணே, கையெழுத்துப் போடலாமா?” என்றாள்.

எட்டே வரிகள். மகள் நடிக்கச் சம்மதம். இயக்குநரின் நியாயமான கட்டளைகளுக்கு உடன்படச் சம்மதம். எடுத்த படத்தை எங்கும் காட்டச் சம்மதம். காயம் நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பன்று. தேதி, நேரம், காட்சி ஒன்றும் அதில் இல்லை. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திடுவது போன்றது அது என்று இன்று சொல்கின்றோம். அன்று, “போடம்மா, எல்லா இடத்திலும் இப்படித்தான்” என்று சொன்னவரும் நாமே.

துணைக்கு நாமே சென்றோம். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து பிற்பகல் 2 மணிக்கு வரச் சொல்லி, மாலை 6 மணிக்கு விட்டார்கள். சனிக்கிழமை பிற்பகல் 4 மணிக்கு அழைப்பு. இரவு 10 மணிக்கு விட்டார்கள். ஞாயிறு காலை 8 மணிக்கு மீண்டும் அழைப்பு. சனிக்கிழமைத் தாளில் “மழை, தண்ணீர் லாரி” என்று சாமான் பட்டியலில் ஒரு சொல் இருந்தது. அது யார்மேல் பெய்யப் போகும் மழை என்று நாம் கேட்கவில்லை. லயத்து வாசலில் அப்பனுக்காகக் காத்து நிற்கும் குழந்தையின்மேல்தான் அது பெய்தது. ஐந்து முறை பெய்தது.

ஞாயிறு காலை ஒப்பனை செய்யும்போதே குழந்தை நம் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். எழுப்பி நிறுத்தினார்கள். அழவேண்டிய காட்சி. வசனம் சொல்லத் தொடங்குமுன்பே அழுதாள், நிறுத்தவும் முடியவில்லை. “பிள்ளை பிரமாதமா அழுவுதுங்கய்யா” என்று படப்பிடிப்பு நிர்வாகி நம்மிடம் மகிழ்ந்து சொன்னார். அவர் கெட்டவரல்லர். நாமும் தலையாட்டினோம். வீடு திரும்பும் காரில், “நான் நடிக்கலை மாமா, வீட்டுக்குப் போகணும்னுதான் அழுதேன்” என்றாள். அந்தச் சொல் நம்மை விடவில்லை.

அதன்பிறகே சட்டத்தைத் தேடிப் படித்தோம். தீபகற்ப மலேசியாவில் 1966ஆம் ஆண்டுச் சிறுவர் இளையோர் வேலைச் சட்டம் இதற்குப் பொருந்தும். 15 வயது நிறையாத சிறுவர் பொதுக் கேளிக்கையில் வேலை செய்யலாம். ஆயினும் அதற்கென உரிமம் பெற்று, அதன் நிபந்தனைப்படியே செய்யவேண்டும். சிறுவர் வேறு வேலைகளில் இரவு 8 மணிமுதல் காலை 7 மணிவரை ஈடுபடலாகாது. கேளிக்கைத் தொழிலுக்கு மட்டும் இந்த இரவுத்தடை இல்லை. ஆகவே இரவில் எடுத்தார்கள் என்பது மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால் மற்ற வரம்புகள் அப்படியே நிற்கின்றன. நாளொன்றுக்கு 6 மணி நேரத்திற்குமேல் வேலை கூடாது. பள்ளி செல்லும் நாளில் பள்ளி நேரமும் வேலையும் சேர்ந்து 7 மணியைத் தாண்டலாகாது. மூன்று மணி நேரம் தொடர்ந்து உழைத்தால் அரைமணி ஓய்வு வேண்டும். எந்த நாளும் வேலை தொடங்குமுன் 14 மணி நேரம் இடைவிடாத ஓய்வு இருந்திருக்கவேண்டும்.

இனி நம் தாள்களைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை பள்ளி 7.30 முதல் 12 வரை, நாலரை மணி நேரம். எஞ்சியது இரண்டரை மணியே, எடுத்துக்கொண்டதோ நான்கு. இது ஒரு தாளிலேயே தெரிந்திருக்கும். சனிக்கிழமை சரியாக ஆறு மணி நேரம். இடையில் உணவுக்கும் விட்டார்கள். அந்தத் தாளில் குறை காணமுடியாது. ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் தனியே பார்த்தால் குறையில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், இரவு 10 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையே பத்தே மணி நேரம் இருப்பது தெரியும். குழந்தை நண்பகல் 12 மணிக்கு முன் வந்திருக்கவே கூடாது. அவள் அழுதது அந்த நான்கு மணி நேரத்துக்காக.

இந்தக் குறை எளிதில் மறைவதற்குக் காரணம் உண்டு. கால்ஷீட்டில் ஒவ்வொருவரும் வரும் நேரம் இருக்கும். போகும் நேரம் பெரும்பாலும் இராது. போகும் நேரம் இல்லாமல் ஓய்வைக் கணக்கிட எவராலும் இயலாது. மேலும் வண்டி ஏறும் நேரம், ஒப்பனை நேரம், களத்துக்கு வரும் நேரம் என்று மூன்று நேரங்கள் எழுதியிருக்கும். கேமரா ஓடிய நேரத்தை மட்டும் எண்ணுகிறவர்கள், “இரண்டு மணி நேரந்தானே நடித்தாள்” என்பார்கள். குழந்தையின் உடம்புக்கு அழைத்த நேரமே தொடக்கம், காத்திருப்பதும் களைப்பே.

அடுத்த ஆண்டு வேறொரு குழுவினர் அவளை அழைத்தபோது, போவதா என்று அவளையே கேட்டோம். “மழை இல்லைன்னா வரேன்” என்றாள். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் கையெழுத்திடாமல், சில வரிகள் சேர்க்கக் கேட்டோம். நடிக்கும் தேதிகளும் காட்சிகளும் கடிதத்தோடு இணைக்கப்படவேண்டும். நீர், நெருப்பு, உயரம், அடிபடுதல் எதுவாயினும் முன்கூட்டியே சொல்லவேண்டும். கால்ஷீட்டில் அவளை விடும் நேரம் எழுதவேண்டும். துணைக்கு வருபவர் அவளைக் காணும் தூரத்தில் இருக்கவேண்டும். அவள் மாட்டேன் என்றால் அந்தக் காட்சிக்குத் தந்த சம்மதம் அத்துடன் முடிந்தது. உரிமத்தின் நகலையும் கேட்டோம். “யாருமே இதெல்லாம் கேட்டதில்லைங்கய்யா” என்றார் நிர்வாகி. ஆனால் மறுக்கவில்லை.

அங்கேயும் ஓர் இரவுக் காட்சி இருந்தது. இருட்டியதும் குழந்தையின் முகம் தெரியும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, 9 மணிக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் நின்ற இடத்தில் அவள் உயரத்துக்கு ஒரு கம்பை நட்டு, அதைப் பார்த்தே பெரியவர்கள் மீதி வசனத்தைப் பேசினார்கள். மறுநாள் காலையில் பெரியவர்களின் காட்சிகளை எடுத்தார்கள். அவளுக்கு 11 மணிக்கு அழைப்பு. படத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. வரிசையை மாற்றினால் போதும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

தாய் கையெழுத்திட்டாள் என்பதால் அந்த 14 மணி 10 ஆகிவிடாது. பிள்ளையைப் படத்துக்கு அனுப்பும் அன்பர்கள் முதல்நாள் தாளை எறிந்துவிடாமல் வைத்திருப்பார்களாக. இரண்டாம் நாள் தாள் வந்ததும், இடையிலுள்ள மணிகளை விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார்களாக. அந்த முதற்படம் வெளிவந்தபோது, அழுகைக் காட்சியைப் பலரும் புகழ்ந்தார்கள். தங்கை அதைப் பெருமையோடு பார்த்தாள். நாம் மட்டும் எழுந்து வெளியே சென்றோம்.