உயிரோடு இருக்கிறார்

தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியில் இவர்களை ‘சொல்தா’ என்போம். அவர் போனபிறகு ஆயாவுக்கு பிரான்ஸிலிருந்து விதவை ஓய்வூதியம் வருகிறது. வருடாவருடம் ஆயா உயிரோடு இருப்பதற்குச் சான்று அனுப்ப வேண்டும். போன வருடம் நான் மறந்துவிட்டேன். பணம் நின்றுபோனது.

விளக்கக் கடிதம் பிரெஞ்சில் வேண்டும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு தெருப் பெயர்ப் பலகைகளோடு சரி. தமிழில் எழுதி, வரி வரியாக மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டேன். பிழை பார்க்க, வந்த பிரெஞ்சை மறுபடி தமிழாக்கிப் பார்த்தேன்.

‘சித்தி பார்த்துக்கொள்கிறார்’ என்பது ‘அத்தை பார்த்துக்கொள்கிறார்’ என்று திரும்பியது. பதறிவிட்டேன். கடைசி வரி, ‘உயிரோடு இருக்கிறார்’. அது ‘அவர் உயிரோடு இருக்கிறார்’ என்று சமர்த்தாகத் திரும்பியது. நிம்மதி.

பக்கத்து வீட்டு அக்கா பிரெஞ்சு படித்தவர். கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “யாருடா உயிரோட இருக்காரு? உங்க தாத்தாவா?”

நான் பதறிய இடத்தில் பிழையே இல்லை. பிரெஞ்சில் சித்தி, பெரியம்மா, அத்தை எல்லாருமே ‘தாந்த்’தான். திரும்பி வரும்போது இயந்திரம் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டது. நிம்மதியடைந்த இடத்தில்தான் பிழை. என் தமிழ் வரியில் எழுவாயே கிடையாது. ‘இருக்கிறார்’ ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். பிரெஞ்சோ ‘இல்’ அல்லது ‘எல்’, அதாவது அவன் அல்லது அவள் என்று முடிவு செய்தே தீர வேண்டும். தனியாக வந்த வரியில் யார் என்று தெரியாததால் இயந்திரம் ஆணாக்கிவிட்டது. தமிழுக்குத் திரும்பியதும் அது மறுபடி ‘அவர்’ ஆனது. தப்பு மரியாதைக்குள் ஒளிந்துகொண்டது. கடிதம் அப்படியே போயிருந்தால், கணவர் உயிரோடு இருப்பதாக ஒரு விதவையே எழுதியதாக ஆகியிருக்கும்.

இந்தச் சோதனை இயந்திரத்துக்கு முந்தியது. உளவியல் ஆய்வுகளுக்கான கேள்வித்தாள்களை இப்படிச் சரிபார்ப்பது பற்றி ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதினார். அதில் ஒருவர் மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்புவார். அப்போதும் ஒரு ஓட்டை உண்டு. திருப்புகிறவர் கெட்டிக்காரர் என்றால், நடுவில் உள்ள கோணலை அவரே நிமிர்த்திவிடுவார். நம் மொழி கண்டுகொள்ளாத வேறுபாட்டில் விழுந்த பிழையோ, நம் மொழிக்குத் திரும்பினால் தெரியவே தெரியாது.

அக்கா ஒரு வழி சொன்னார்: “தமிழுக்குத் திருப்பாத. இங்கிலீஷுக்குத் திருப்பு.” திருப்பினேன். ‘ஹீ இஸ் அலைவ்’ என்று வந்தது. ஆங்கிலத்திலும் ஆண், பெண் பிரிவு உண்டு என்பதால் பிழை பளிச்சென்று தெரிந்தது.

பிறகு மூலத்தைத் திருத்தினேன். ‘என் பாட்டி உயிரோடு இருக்கிறார்’. ஒவ்வொரு வரியிலும் ஆளைச் சொல்லி, வரிவரியாக இல்லாமல் கடிதத்தை முழுசாகப் போட்டேன். இந்தமுறை ஆங்கிலத்தில் பாட்டியே வந்தார். ஆனாலும் அக்கா ஒருதரம் படித்தபிறகுதான் அனுப்பினேன்.

விஷயத்தை ஆயாவிடம் சொன்னேன். “அவரு உயிரோட இருந்தா எனக்கு எதுக்குடா இந்தப் பணம்?” என்றார்.