தூக்கம் வராத கேள்வியும் பதினாறு பக்கப் புத்தகமும்

எங்கள் உத்தனப்பள்ளிப் பக்கத்தில் கார்த்திகை, மார்கழி வந்தால் இரண்டு பேச்சுதான். ஒன்று ராகி அறுவடை, இன்னொன்று யானை. பன்னேர்கட்டா காட்டிலிருந்து கிளம்பி, தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக வரும் கூட்டங்கள் சானமாவு காட்டில் பகலெல்லாம் நின்றுவிட்டு, இருட்டியதும் வயலில் இறங்கும். இது ஆண்டுதோறும் நடப்பது. ஓசூர் வட்டாரத்து நண்பர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இந்த யானை ஒரு குழந்தைகள் படப் புத்தகத்துக்கு விஷயமான கதை உங்களுக்குத் தெரியாது. புத்தகம் எழுதுகிறவள் என் மகள். விஷயத்தைக் கொடுத்தவள் ஐந்து வயதுப் பேத்தி. அவள் படுத்த பிறகு கேட்கும் கேள்விகளை மகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறாள். கேள்வியை அவள் வாயிலிருந்து வந்தபடியே எழுதுவாள், பக்கத்தில் தேதி போடுவாள். பதில் எழுதமாட்டாள்.

நோட்டு பாதி நிறைந்ததும், எதைப் புத்தகமாக்கலாம் என்று என்னிடம் கொண்டுவந்தாள். இருவரும் உட்கார்ந்து சலித்ததில் கடைசியாக மூன்று கேள்விகள் தேறின.

முதல் கேள்வி: "ராத்திரி ஏன் வானம் கறுப்பா இருக்கு?" நல்ல கேள்விதான். ஆனால் பூமி சுற்றுவதைச் சொல்ல வேண்டும், சூரியனைச் சொல்ல வேண்டும். எல்லாம் விளக்கப் படமாகவே வரும். ஒரு பக்கத்தைத் திருப்பினால் அடுத்து என்ன ஆகும் என்ற ஆவல் அதில் இல்லை. அது பாடப் புத்தகத்துக்கான கேள்வி என்று தள்ளினோம்.

இரண்டாவது: "யானைக்குத் தமிழ் தெரியுமா, கன்னடம் தெரியுமா?" தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கிற ஊரில் பிறந்த குழந்தை இப்படிக் கேட்காமல் எப்படிக் கேட்கும்! நாங்கள் சிரித்தோம். ஆனால் அவள் அதை ஒரே ஒரு நாள்தான் கேட்டிருந்தாள். சிரிப்பு ஒரு முறைக்குச் சரி. படப் புத்தகத்தை ஒரு குழந்தை ஐம்பது முறை வாசிக்கச் சொல்லும்.

மூன்றாவது: "யானைக்கு இருட்டுல வழி எப்படித் தெரியும்?" இது நோட்டில் ஒன்பது இடத்தில் இருந்தது. சில நாள் சொற்கள் மாறியிருந்தன, விஷயம் மாறவில்லை. அப்போதுதான் தேதிகளைப் பார்த்தோம். ஒன்பதும் மாப்பிள்ளைக்கு இரண்டாம் ஷிஃப்ட் வந்த வாரங்கள். சிப்காட்டில் வேலை முடிந்து, ராயக்கோட்டை ரோட்டில், சானமாவு காட்டை ஒட்டி வண்டியில் அவர் வீடு வந்து சேரப் பதினொன்றரை ஆகும். முதல் ஷிஃப்ட் வாரத்தில் ஒரு நாள்கூட அந்தக் கேள்வி இல்லை.

"அப்பா, இவ யானையைப் பத்திக் கேக்கலைப்பா. அவங்க அப்பாவைப் பத்திக் கேட்டிருக்கா" என்றாள் மகள். அதற்குப் பிறகு எது புத்தகம் என்பதில் சந்தேகம் இல்லை.

குழந்தையின் கேள்வியிலிருந்து புத்தகம் எழுதுவது புதிதல்ல. பம்பாயில் பிறந்த கிப்ளிங் தன் மகள் ஜோசபைனுக்குப் படுக்கை நேரத்தில் சொன்ன கதைகள்தான் 1902-ல் 'ஜஸ்ட் ஸோ ஸ்டோரீஸ்' ஆக வந்தன. ஒரு சொல் மாறினாலும் அவள் விடமாட்டாளாம், சொன்னபடியே சொல்ல வேண்டும். தலைப்பே அதிலிருந்து வந்ததுதான். அதில் ஓயாமல் கேள்வி கேட்கும் யானைக்குட்டி ஒன்றும் உண்டு. அந்தப் புத்தகத்தைப் பார்க்க ஜோசபைன் இல்லை, 1899-லேயே ஆறு வயதில் நிமோனியாவில் போய்விட்டாள்.

மகள் நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் மடித்துப் பின் அடித்தாள். பதினாறு பக்கம். முதல் பக்கம் தலைப்புக்கு, கடைசிப் பக்கம் பின்னட்டைக்கு. நடுவில் ஏழு விரிப்புகள், அதாவது எதிரெதிர்ப் பக்கங்கள் ஏழு ஜோடி. இடப் பக்கம் யானைக்கு, வலப் பக்கம் அப்பாவுக்கு என்று பிரித்துக்கொண்டாள்.

முதல் விரிப்பில் பகல். கூட்டம் காட்டு நிழலில் நிற்கிறது, அப்பா டிபன் டப்பாவோடு கிளம்புகிறார். இரண்டாவதில் பொழுது சாய்கிறது. மூத்த பெண் யானை துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடிக்கிறது, அப்பா மெஷின் முன்னால் நிற்கிறார். மூன்றாவதில் பாட்டி யானை முன்னே போக, குட்டி நடுவில் நடக்கிறது. அப்பா வண்டியை எடுக்கிறார். குழந்தையின் கேள்விக்கு நேரான பதில் இந்த இடத்தில் வந்துவிடுகிறது. யானை கண்ணை நம்பி நடப்பதில்லை. மூக்கை நம்புகிறது, தன் தாயோடு நடந்து பழகிய மூத்த யானையின் நினைவை நம்புகிறது.

நான்காவதில் வயல். பரண்மேல் காவல் இருப்பவர் கூச்சல் போடுகிறார், மிதிபட்ட ராகி கிடக்கிறது. எதிர்ப் பக்கத்தில் இருட்டு ரோடு, ஒரு ஹெட்லைட் மட்டும். ஐந்தாவதில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். கூட்டம் ரோட்டைக் கடக்கிறது, வெகு தூரத்தில் வண்டி நிற்கிறது. ஆறாவதில் அவை காட்டுக்கு, இவர் வீட்டுக்கு. ஏழாவதில் குட்டி தாயின் காலடியில் படுத்திருக்கிறது, வீட்டில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்கிறது.

நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்குத் திருப்பும் இடம்தான் புத்தகத்தின் உயிர். பயம் முழுக்க அங்கேதான். அந்தப் பக்கத்தைத் திருப்புவது குழந்தையின் கைதான், நம் கை அல்ல.

ஒரு விஷயத்தில் மகள் பிடிவாதமாக இருந்தாள். குழந்தை யானையைத் தொடுகிற மாதிரியோ, அப்பா கைகாட்டுகிற மாதிரியோ ஒரு படமும் கூடாது. சென்னைக் குழந்தைக்கு யானை பொம்மை. இங்கே ரோட்டில் நிற்கும். எட்டத்திலேயே வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், கடைசி யானை போகும்வரை காத்திருப்பதுதான் படத்தில் இருக்க வேண்டும். மிதிபட்ட ராகியையும் அவள் எடுக்கவில்லை. ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடு அது என்று இங்குள்ள குழந்தைகளுக்குத் தெரியும்.

முதல் வரைவில் பத்திபத்தியாக எழுதியிருந்தாள். வாசித்தபோது, அவள் முடிக்கும் முன்பே பேத்தி பக்கத்தைத் திருப்பினாள். படம் சொல்வதையே சொல்லும் சொல்லும் சொல்கிறது என்று அர்த்தம். அப்படித் திருப்பிய இடங்களில் எல்லாம் வெட்டினாள். இப்போது மொத்தமே 120 சொற்கள்.

பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இதைப் போடப் போகிறாள். அங்கே முதல் நிலைப் புத்தகங்களுக்கு இந்த அளவு சொற்கள் போதும். அங்கே வைத்த கதையை யாரும் மொழிபெயர்க்கலாம் என்பது எங்கள் ஊருக்குத் தோதானது. எதிர் வீட்டு அம்மா கன்னடத்தில் ஏற்கெனவே வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். படங்கள்தான் பாக்கி. அங்கே கிடைக்கும் யானைப் படங்கள் எல்லாம் வெயிலில் நிற்கின்றன, எங்களுக்கு வேண்டியது இருட்டு.

போன வாரம் மறுபடி இரண்டாம் ஷிஃப்ட். தைத்த வெள்ளைத்தாள் புத்தகத்தை வாசித்து முடித்ததும் பேத்தி யானையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்பா இப்போ எந்தப் பக்கத்துல வராரு?" என்று கேட்டாள். மகள் கடிகாரத்தைப் பார்த்து, "நாலாவது பக்கம்" என்றாள். குழந்தை ஐந்தாவதைத் திருப்பி வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.